விரல் மறைத்த வரி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பழைய ஆணி பொறுக்கிப் பிரிக்கும் கெங்கம்மா, தராசைக்கூட ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்ப்பாள். சும்மா வந்த குணமில்லை. வெள்ளம் வந்த வருஷம், நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்று சடையங்குப்பத்தில் ஒருத்தன் அவள் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு போனான். நிவாரணமும் வரவில்லை, கார்டும் வரவில்லை. அன்றிலிருந்து அசல் காகிதம் என்றால் அவளுக்கு உயிர்.

புதன்கிழமை, நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தங்கை ரமணம்மா ஒரு போட்டோ அனுப்பினாள். ஊர்ச் செயலகச் சுவரில் ஒட்டிய விதவைப் பென்ஷன் நோட்டீஸ். தங்கைக்குப் புருஷன் செத்து ஒரு வருஷம், கையில் இருப்பது ஒரு ஏக்கர் நஞ்சை. அந்த நிலத்தின் பட்டா பாஸ்புக் அசலைத் தந்தால் தானே போய் மனு எழுதிக் கொடுப்பதாகக் கொழுந்தன் சொல்கிறானாம்.

"நான் சொல்றவரைக்கும் எவனுக்கும் குடுக்காத" என்றாள் கெங்கம்மா.

தெலுங்கு அவளுக்கு வாயில் உண்டு, கண்ணில் கிடையாது. படித்தது தமிழ். ஜெராக்ஸ் கடை தௌசீஃப் தன் போன் கேமராவை அந்தப் போட்டோமேல் நீட்டித் தமிழாக்கினான். "புருஷனோட டெத் சர்டிபிகேட், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புக்கு. நஞ்சை மூணு ஏக்கருக்கு மேல இருக்கக் கூடாதாம். கீழ இன்னா கீதுன்னு தெரியல ஆயா, எவனோ வெரல வச்சி மறைச்சிகினு கீறான்."

பாஸ்புக் பேச்சே இல்லை! அப்புறம் கொழுந்தன் எதற்கு அசலைக் கேட்கிறான்? ஆனால் போனை நம்பலாமா? மறுநாள், இரும்பு இறக்க வந்த நெல்லூர் லாரி டிரைவரிடம் காட்டினாள். தௌசீஃப் சொன்னதைச் சொல்லவில்லை, தனியாகப் படிக்கவிட்டாள். அதே பட்டியல், அதே விரல். அதுவும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆந்திராவில் கூடூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்து ரிட்டயரான ஜெரால்டைத் தேடி ராயபுரம் போனாள். அவரும் படித்துவிட்டு, "அந்த வெரலை எடுத்துட்டு வேற போட்டோ அனுப்பச் சொல்லும்மா" என்றார்.

இந்த யோசனை முதல் நாளே தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குக் கோபம். அதையும் கொழுந்தன் மேலேயே போட்டாள்.

திங்கள் காலை புதுப் போட்டோ வந்ததும் மறுபடி ராயபுரம் ஓடினாள். ஜெரால்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"நில பாஸ்புக் நகல் வேணும். அசலைக் காட்டிட்டுத் திரும்ப எடுத்துக்கலாம். கட்டணம் எதுவும் கிடையாது." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசி நாள் வெள்ளிக்கிழமை. போச்சும்மா."

கெங்கம்மா தங்கைக்குப் போன் போட்டுத் தெலுங்கில் கத்தினாள். "பாத்தியா, கடைசி நாளை வேணும்னே விரல் வச்சி மறைச்சிருக்கான் உன் கொழுந்தன்!"

"அது என் விரலுதான், அக்கா" என்றாள் ரமணம்மா. "நாந்தான் எடுத்தேன். விரல் விழுந்ததைக் கவனிக்கல. கொழுந்தன் வெள்ளிக்கிழமைகூட வந்து கேட்டாரு. அக்கா சொல்லட்டும்னு திருப்பி அனுப்பிட்டேன்."

கெங்கம்மாவுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"அக்கா, இருக்கியா? இப்பவாவது பாஸ்புக்கைக் குடுக்கட்டுமா?"