பட்டம்மாளின் சாமைக் குவியல்

கலவை ஊருக்குத் தெற்கே நாலு காணி மானாவாரி நிலத்தைத் தனியாளாகப் பார்த்துவந்த பட்டம்மாள் யாரையும் நம்பமாட்டாள். புருஷன் செத்தபோது பங்காளிகள் கிணற்றுப் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாராவது சிரித்துப் பேசினாலே, எதற்கு அடி போடுகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் சாமை நன்றாக விளைந்தது. களத்தில் தூற்றிக் குவித்தாயிற்று, வண்டிதான் கிடைக்கவில்லை. குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் ஒரு பக்கம் குறி உடைந்திருந்தது. அடியிலிருந்து தானியம் சரிந்திருந்தது. புதிதாகக் குறி போட்டாள். அதுவும் உடைந்தது.

களம் பெருக்க வருகிறவள் இன்பம். பக்கத்துச் சேரியில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுப் பெண்; பல வருஷமாக இவளிடம்தான் வேலை.

"இன்பம், மடிய அவுரு."

"இன்னாத்துக்கும்மா?"

"அவுருடி. சொல்றேன்ல."

சிந்திய கதிர் பொறுக்க வந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்பம் மடியை அவிழ்த்து உதறினாள். வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. "இன்னைக்கி இல்ல, அவ்ளோதான். முன்னாடியே வீட்டுல சேர்த்துட்டா," என்றாள் பட்டம்மாள். இன்பம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரமே ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவள் போனபிறகும் குறி உடைந்தது.

அப்படியானால் வேறு யாரோ. பட்டம்மாள் காலையிலேயே வந்து குவியலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். வழியில் போகிறவர்களை எல்லாம் முறைத்தாள். வெயில் சற்று ஏறியதும் காலடியில் ஒரு எறும்பு போனது. ஒற்றைச் சாமையைக் கவ்விக்கொண்டு, அடிவயிற்றைத் தரையில் தொட்டுத்தொட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அது போன தடத்திலேயே நாலைந்து வந்தன. அவை திரும்பிய பின் ஒரு கூட்டமே வந்தது. பிறகு கயிறு கிடத்தியதுபோல் ஒரே சாரை; வருவது வெறும் வாயோடு, போவது தானியத்தோடு.

அவளுக்கு அதிலும் சந்தேகம். யாரோ ஒன்று முன்னால் நின்று வழி காட்டாமலா? முன்னால் போன சிலவற்றைக் காலால் நசுக்கினாள். பின்னால் வந்தவை சற்றுக் கலைந்து, மறுபடி போயின. ஒரு சாண் இடத்தைச் சாணித்தண்ணீர் விட்டு நன்றாக மெழுகினாள். இரண்டு பக்கமும் எறும்புகள் நின்றுவிட்டன. உணர்கொம்பால் தரையைத் தடவிக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தன. கண்ணால் பார்த்து வருகிறவையானால் இந்த ஒரு சாணைத் தாண்டத் தெரியாதா? மண்ணில் ஏதோ வாசனை வைத்துக்கொண்டுதான் வருகின்றன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெகுநேரம் கழித்து ஒன்று தட்டுத்தடுமாறிக் கடந்தது. இன்னும் சில கடந்தன. பிறகு மெழுகின இடத்தின் மேலேயே சாரை கூடிவிட்டது.

அதைப் பிடித்துக்கொண்டே வரப்புவரை போனாள். புற்றுவாயைச் சுற்றி உமி வட்டமாகக் கிடந்தது. அங்கே சில எறும்புகள் உமியை மட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே திரும்பின. சில மண்ணுருண்டை சுமந்தன. அவை களத்துப் பக்கமே போகவில்லை. மண்வெட்டியால் வெட்டினாள். ஒரு அறையில் உமி நீக்கிய சாமை கெட்டியாக அடைந்திருந்தது. இன்னொன்றில் வெள்ளைப் புழுக்களும் கூடுகளும். அங்கிருந்த வெளிறிய எறும்புகள் தானியத்தைத் திரும்பிப் பார்க்காமல் புழுக்களைக் கவ்விக்கொண்டு ஓடின. ஏவுகிற மேஸ்திரியாக ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு புற்றுகள், அவற்றைச் சுற்றியும் உமி.

பட்டம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மனசில் முதலில் வந்தது எறும்பின்மேல் கோபம்தான். இன்பத்தின் மடியிலிருந்து வெற்றிலைக் காம்பு மட்டும் விழுந்தது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வண்டியில் ஆற்காடு போய், காட்பாடியில் ரயில் பிடித்து ஆம்பூரில் இறங்கினாள். ஷாப்பு வாசலில் விசாரித்தாள். இன்பம் தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டையை இடித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"எறும்புதான்டி எடுத்திருக்கு. நானே புத்த வெட்டிப் பார்த்தேன். வந்துடு."

"வர்லம்மா."

"இங்க மட்டும் இன்னா வாழுது? நாத்தம் குடலப் புடுங்குது."

"இங்கயும் சாயந்திரம் வாசல் கேட்டுல மடிய ஒதறித்தான் காட்டணும். ஆனா எல்லாரும் ஒதறணும். நான் மட்டும் இல்ல." இன்பம் உலக்கையை ஓங்கிப் போட்டாள். "என்னக் கூப்புட வராத. அன்னைக்கி அத்தினி பேர் எதிர்ல சொன்னல்ல, அவங்ககிட்ட போயி சொல்லு."

பட்டம்மாள் சொன்னாள். கிணற்றடியில் சொன்னாள், சந்தையில் சொன்னாள், மாதாகோயில் வாசலில் சேரிக்காரர்களை நிறுத்தியும் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். "எறும்பு எத்தினி தூக்கும்? இவளுக்கு இப்ப கூலிக்கி ஆள் வர்றதில்ல, அதான் இப்டி ஒரு கதை," என்று அவள் காதுபடவே சொன்னார்கள் சிலர். பங்காளிகளோ, தானியத்தை அவளே விற்றுவிட்டு எறும்பின்மேல் போடுகிறாள் என்றார்கள்.

வெட்டின புற்றைக் காட்டலாம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். இடையில் பெய்த மழையில் அந்தப் பள்ளம் தூர்ந்து, பக்கத்துப் புற்றுகளும் உமியும் கரைந்துபோய், வரப்பு மட்டமாகிக் கிடந்தது.