பூங்காவனம் கொட்டிய கறி

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்த கையோடு கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டான். எல்லோரும் முள்ளை ஒன்றரை மணி முன்னால் தள்ள வேண்டும், இனி தோக்கியோ நேரம்தான் என்றான். நான் என் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. வீம்புதான், வேறென்ன. என் மனைவி பூங்காவனத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டுமென்றால் என் வீம்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் டாக்டர் தெய்வநாயகம் நடத்திய சின்ன மருத்துவமனையில் நான் காடி, அதாவது மோட்டார் கார், ஓட்டினேன், அவள் சமைத்தாள். அப்போது அங்கே நாலு பேர் படுத்திருந்தார்கள். நாலு பேரும் வயிற்றுக்கடுப்பில் செத்துப் பிழைத்தவர்கள். தெம்புக்குக் கறி சூப்பும் பாலும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தக் காலத்தில் கறி எங்கே கிடைத்தது?

ஒருநாள் கிடைத்துவிட்டது. பாசாரில், அதான் சந்தையில், கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது ஆட்டிறைச்சி, கறந்த பால், பச்சைப்பயறு, ஒரு டின் பால் எல்லாவற்றையும் காடியின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மருத்துவமனை வாசலிலேயே டாக்டர் ஏறிக்கொண்டார். செங் என்கிற ஊரில் யாருக்கோ உயிர் போகிறதாம். அங்கே வெட்டவெளி வெயிலில் காடி நின்றது. பின்பெட்டியில் இருப்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. திரும்பி வந்து இறங்கும்போதுதான் நினைவு வந்தது.

"ரெண்டு மணி நேரந்தான் புள்ள ஆச்சு. பன்னெண்டுக்கு வாங்கினேன், இப்ப ரெண்டு" என்று பூங்காவனத்திடம் கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

அவள் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினாள். மூன்றரை. பாசாரில் அடித்த பன்னிரண்டும் தோக்கியோ நேரம்தான்.

"ரெண்டு மணியாவே இருக்கட்டுங்க. இந்த வெயில்ல, பூட்டின பெட்டிக்குள்ள, ஒரு மணி நேரமே அதிகம்."

"நாத்தமே இல்லையே. நல்லா கொதிக்க வெச்சிட்டா?"

"கெட்டதெல்லாம் நாறிக்கிட்டா வரும்? கொதிச்சாலும் போகாத நஞ்சு இருக்கு."

டாக்டருக்குக் கொட்ட மனசே வரவில்லை. "இதை விட்டா அடுத்த கறி எப்பன்னு தெரியாதும்மா" என்றார்.

"கறி இல்லாமத்தான் ஐயா இவங்க பொழைச்சாங்க. இதைத் தின்னுட்டுப் பொழைப்பாங்களா?"

டாக்டர் அந்த நாலு கட்டில்களையும் பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

பாலைக் கொட்டினாள். கறியைக் குழி தோண்டிப் புதைக்கக் கொண்டுபோனாள். பயறுக்கும் டின் பாலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பயற்றைக் குழைய வேகவைத்து நாலு பேருக்கும் கொடுத்தாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவள் மண்வெட்டி எடுக்கப் போன சமயம் ஒரு துண்டைத் திருடிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் அரைமணி நேரம் கொதிக்கவைத்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. நாலு கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக எனக்கும் ஒரு பாய் விரித்தார்கள்.

பூங்காவனம் திட்டவில்லை. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள்.

"எப்ப தின்னீங்க?"

"நாலு மணிக்கு."

"எந்த நாலு?"

கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவளே முள்ளை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தாள். அந்த வாரமே நாலு பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள், எனக்கு முன்னால்.