பச்சை மார்க்கர் போட்ட அட்டைப்பெட்டி

எனக்குப் பொறாமைதான். வேறு பேர் வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் குளியலறைக் குழாய்கள் மொத்த விற்பனை செய்யும் கம்பெனி எங்களுடையது. அதன் சேல்ஸ் ரூம் சுவரில் ஒரு வெள்ளை போர்டு. விற்பனைப் பிரதிநிதிகள் ஆறு பேருடைய நிகர விற்பனையும் அதில் தினமும் ஏறும். பதினோரு வருடம் என் பேர்தான் மேல் வரிசையில் இருந்தது. கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நாலே மாதத்தில் என் பேருக்கு மேலே அவள் பேர் ஏறியது.

முப்பது வயது இருக்கும். முதல் மாதம் என்னோடு சுற்றி வேலை கற்றாள். அடுத்த மாதமே மேனேஜர் என்னிடமிருந்த ஆவடி லைனை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்குப் பூந்தமல்லியைத் தள்ளினார். "உனக்கு எந்த லைனும் ஒண்ணுதானப்பா, அது புதுசு, பழகட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே எரிந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பருத்திப்பட்டு ஏரி ஓரக் கடைகளெல்லாம் நான் வெயிலில் அலைந்து பிடித்தவை. இப்போது அங்கே பிளம்பர்கள் அவளை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருகிறார்களாம். என்னை ஒருத்தனாவது அண்ணே என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பானா?

கமிஷன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் என் அசிங்கம் புரியாது. வரி நீங்கலாக மாத விற்பனை ஐந்து லட்சம் வரை ஒரு சதவீதம். அதைத் தாண்டினால் ஒன்றரை. எட்டு லட்சத்தைத் தாண்டினால் இரண்டு. தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும் அந்தச் சதவீதம்தான். அதனால் எட்டு லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் நாலாயிரம் போய்விடும். கடையிலிருந்து திரும்பி வரும் சரக்கை, அது வந்து சேரும் மாதத்து விற்பனையில் கழிப்பார்கள். யார் போட்ட பில்லோ அவர் கணக்கில். பில் நம்பர் தெரியாவிட்டால் அந்தக் கடைக்குக் கடைசியாகப் பில் போட்டவர் தலையில் விழும். பணம் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிதான் கைக்கு வரும். ஆனால் இந்த மாதச் செலவு இந்த மாதத்திலேயே ஏற வேண்டும் என்பதால், மாதக் கடைசி மாலையில் கணக்கு சார் ஒவ்வொருவருக்கும் தர வேண்டிய கமிஷனைப் புத்தகத்தில் பாக்கியாக எழுதி வைப்பார்.

அவளுக்குக் கமிஷனோடு இன்னொன்றும் இருந்தது. புதிதாக வந்தவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து எட்டு லட்சம் தாண்டினால் நிரந்தரம். பி.எஃப் உண்டு, ஆஸ்பத்திரி கார்டு உண்டு. அவள் புருஷன் வேலை பார்த்த ஃபேக்டரியில் பாதி ஷிப்டை எடுத்துவிட்டார்கள். அந்த கார்டைப் பற்றி அவள் பத்து முறையாவது என்னிடம் பேசியிருப்பாள். இரண்டு மாதம் தாண்டிவிட்டாள். இது மூன்றாவது. நான் நிரந்தரமாவதற்கு இரண்டு வருடம் பிடித்தது. இவளுக்கு மூன்று மாதமா? சோறு இறங்கவில்லை. என் சம்சாரம் ஒருநாள் காலையில் தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள், "இன்னா, எந்நேரமும் அந்தப் பொண்ணு பேச்சாவே கீது?" கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். மதியம் போர்டில் அவளுக்கு எட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். எனக்கு எட்டு லட்சத்து ஒன்பதாயிரம். மூவாயிரம்தான் வித்தியாசம். அதையே ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு அவள் ஸ்கூட்டரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டி எடுத்து வந்தாள். பருத்திப்பட்டுக் கடையிலிருந்து ரிட்டர்ன். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்துவிடும் வால் மிக்சர் ஏழு, ஒன்று மூவாயிரம், ஆக இருபத்தோராயிரம். விற்கவில்லை, எடுத்துப் போ என்று கடைக்காரர் கொடுத்துவிட்டார். பில் அவரிடம் இல்லை.

பெட்டியைக் கணக்கு சார் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தபோது அதன் பக்கவாட்டில் ஒரு வட்டம் தெரிந்தது. உள்ளே 'ப'. பச்சை மார்க்கர். டெலிவரி வண்டியில் பெட்டிகள் மாறிவிடக் கூடாது என்று என் சரக்கில் மட்டும் நான் போடும் அடையாளம். மங்கியிருந்தது, ஆனாலும் என் கைதான். லைனை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், நானும் எட்டு லட்சத்தைத் தாண்டுவதற்காக, "விக்கலன்னா நானே எடுத்துக்கறேன் அண்ணாத்தே" என்று அந்தக் கடைக்காரர் தலையில் கட்டிய சரக்கு அது. அந்த மாதக் கமிஷனை வாங்கிச் செலவும் செய்தாயிற்று.

என் கணக்கில் கழித்தால் நான் ஏழு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். அவள் கணக்கில் கழித்தால் அவள் ஏழு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம். யாராவது ஒருவர் விழ வேண்டும்.

கணக்கு சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அந்தக் கடைக்குப் போன மாசம் நீயும் வால் மிக்சர் போட்டுருக்கம்மா. பில் நம்பர் இல்லன்னா அதுலதான் கழிப்பேன்."

"என்னுது வித்துப் போச்சு சார், அவரே சொன்னாரு. இது பழைய சரக்கு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான அந்த லைன் பாத்துகினு இருந்தீங்க. எதுனா பழைய பில்லு ஞாபகம் கீதா?"

என் பழைய பில் புத்தகம் பையில்தான் இருந்தது. பையும் தோளில்தான் இருந்தது.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன். வழியில் இருக்கிறதே என்று ஒதுக்குவதுபோல் பெட்டியைக் காலால் தள்ளி, பச்சை வட்டம் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

கணக்கு சார் பதிவு போட்டார். அவளுக்கு ஒன்றரை சதவீதம், பதினோராயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து. எனக்கு இரண்டு சதவீதம், பதினாறாயிரத்து நூற்றெண்பது. இரண்டும் தர வேண்டிய கமிஷன் என்று பாக்கியில் ஏறின. "சரி சார், அடுத்த மாசத்துலருந்து மறுபடியும் ஒண்ணுன்னு எண்ணணும்," என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கொரட்டூர் வீட்டுக்குப் போகும் வழியில் சம்சாரத்துக்குப் பூ வாங்கினேன்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி பருத்திப்பட்டுக் கடைக்காரர் போன் செய்தார். "இன்னா மாமே, அந்தப் பொண்ணு மூணு தபா வந்துடுச்சு, பழைய பில்லு வேணும்னு. பரண்ல ஒரு மூட்டை கீது, சாயங்காலம் இறக்கிப் பாக்கறேன்னு சொல்லிக்கீறேன். உன் பில்லுதான அது?"

அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கும். அவள் அதைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தால், பதினோரு வருடத்துப் பேர் என்ன ஆகும்? மனசாட்சி கினசாட்சி எதுவும் இல்லை, சுத்தமான பயம். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். கணக்கு சார் முன்னால் பில் புத்தகத்தை விரித்தேன்.

"அந்த ஏழு மிக்சர் என்னுது சார். வீட்ல தேடிப் பாத்தேன், இப்பதான் கெடச்சுது."

இப்பதான் கெடச்சுதாம். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் பில் நம்பரைச் சரி பார்த்தார். "போன மாசம் மூடியாச்சே. பரவால்ல, பாக்கிதான எழுதி வச்சிருக்கு, பணம் இன்னும் போவல. இந்த மாசத்துல திருத்திடறேன்." கால்குலேட்டரைத் தட்டினார். என் பாக்கியில் நாலாயிரத்து முந்நூற்று அறுபது குறைந்து பதினோராயிரத்து எண்ணூற்று இருபது ஆனது. அவளுக்கு நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ஏறி பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது. "கம்பெனிக்குப் பதினைஞ்சு ரூபா கூடச் செலவு," என்று சிரித்தார். "நீயும் எட்டு லட்சத்துலருந்து எறங்கறியேப்பா. பெரிய மனசு."

நான் பில் புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டேன்.

அன்று சாயங்காலம் கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். மூட்டையைப் பிரித்துவிட்டாராம். பாதியை எலி தின்றுவிட்டது, மீதி மழை ஒழுகிக் கூழாகிவிட்டது, என் பில் இல்லை. "வுட்டுத்தள்ளு மாமே, கவலையே படாத," என்றார். கையிலிருந்த போனைச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. இன்னும் நாலு மணி நேரம் சும்மா இருந்திருந்தால் அவள் விழுந்தது விழுந்ததாகவே இருந்திருக்கும்.

பதினைந்தாம் தேதி கமிஷன் ஏறியது. அன்றே மேனேஜர் அவளுக்கு நிரந்தர ஆர்டரைக் கொடுத்தார். அவள் ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்து, சேல்ஸ் ரூமில் எல்லாருக்கும் முன்னால் முதல் துண்டை என்னிடம் நீட்டினாள். "அண்ணன் ஒரு வாரமா ஊடு பூரா தேடி பில்லை எடுத்துக் குடுத்தாரு. அவருக்கே கமிஷன் போவும்னு தெரிஞ்சும்." எல்லாரும் கை தட்டினார்கள். நான் மைசூர்பாகைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "உண்மைய சொல்றேன் அண்ணே. நானா இருந்தா குடுத்திருப்பனான்னு தெர்ல. கையிலயே இருந்தாலும் ஞாபகம் இல்லன்னு சொல்லியிருப்பேன். அந்த போர்டுல உங்க பேர் மேல இருந்தப்பல்லாம் எனக்கு அவ்ளோ பொறாமை."

இவ்வளவு லேசாக அவளால் சொல்ல முடிந்தது. என் தோளில் அதே பை, உள்ளே அதே பில் புத்தகம். நானும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "நல்லா இரும்மா" என்றுதான் வந்தது. லைனுக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி வரை அவளுடைய அந்தப் பேச்சின் மேலும் பொறாமையாகவே இருந்தது.