பென்சிலக்காவின் கோடு

எங்கள் அச்சகத்தில் குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள் போடுவோம். நான் பைண்டிங்கில் இருக்கிறேன். படம் வரைகிறவளைப் பென்சிலக்கா என்போம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வரைந்த முயலையும் யானையையும் நான்தான் மடித்துத் தைத்தேன். வாய் கொஞ்சம் துடுக்கு. ஆனால் அவள் கோட்டைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

இரண்டு வருஷமாக அவள் வலது கை நடுங்கியது. அச்சகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். கோட்டைத் தடிமனாக இழுத்து, மேலே சின்னச் சின்னக் கீறல் போட்டு மறைத்துவிடுவாள். புத்தகத்தில் சிறிதாக அச்சானால் ஒன்றும் தெரியாது. வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான்.

"வாயத் திறந்தே, உன்னையும் சேத்துத் தச்சிருவேன்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் சாமி மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

முதலாளியின் மருமகனை எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவோம். அவர் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார். என்ன படம் வேண்டும் என்று எழுதினால் அதுவே வரைந்து தரும். வெளியே எங்கேயும் அனுப்பாமல் நம் அறைக்குள்ளேயே ஓடும். ஆனால் அது வரைந்தால் ஊர் உலகத்துப் படம் மாதிரிதான் இருந்தது, பென்சிலக்கா படம் மாதிரி இல்லை. அதற்கு அவள் படங்கள் நாற்பது வேண்டும் என்றார் மாப்பிள்ளை. கம்ப்யூட்டரின் பெரிய மூளையைத் தொடவே வேண்டாமாம். பக்கத்தில் சின்னதாக ஒன்றைப் பழக்கி மாட்டினால் போதுமாம், மூக்குக்கண்ணாடி மாட்டுவது போல.

வேலை போகாது, மிஷினை மேய்க்கப்போவதே நீதான் என்று முதலாளி அவளுக்கு வாக்குக் கொடுத்தார். நாற்பதையும் அவளையே பொறுக்கச் சொன்னார். அங்கேதான் அவள் சறுக்கினாள். அவள் பொறுக்கியதில் இருபத்தாறு, கை நடுங்கிய கடைசி இரண்டு வருஷத்துப் படங்கள். பெற்றபோது அதிகம் வலித்த பிள்ளைமேல் பாசமும் அதிகம் போலிருக்கிறது.

மாப்பிள்ளை ஒவ்வொரு படத்தையும் பெரிதாக ஸ்கேன் செய்து, குடை, கிணறு, முயல் என்று கூடவே ஒரு குறிப்பு எழுதினார். குறிப்பில் எழுதியதை மிஷின் தனியாகப் பிரித்துக்கொள்ளுமாம். எழுதாமல் விட்டது, ஆனால் படத்துக்குப் படம் திரும்ப வருவது, எல்லாம் நாம் கொடுக்கிற ஒரு பெயரோடு ஒட்டிக்கொள்ளுமாம். அவர் கொடுத்த பெயர் பென்சிலக்கா. நடுக்கத்தைப் பற்றி எந்தக் குறிப்பிலும் யாரும் எழுதவில்லை.

பழக்குகிற வேலை காலையில் ஓடத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. எல்லாரும் கூடி நின்றோம். அந்தப் பெயரைப் போட்டு ஒரு முயல் கேட்டார். கண்ணும் நிழலும் அச்சு அசல் அவளுடையவை. ஆனால் முயலைச் சுற்றிய கோடு குளிரில் நிற்பது போல வெடவெடத்தது.

தன் தப்பு என்று நினைத்து மாப்பிள்ளை, பழக்கி மாட்டிய அந்தச் சின்னதன் பலத்தை ஒன்றிலிருந்து பாதியாகக் குறைத்தார். நடுக்கம் குறைந்தது, பென்சிலக்காவின் சாயலும் கூடவே குறைந்தது. பிறகு அவள் கொடுத்த படங்களைத் திறந்து, திரை முழுக்கப் பெரிதாக்கினார். எல்லாரும் பார்த்தோம்.

"அப்ப மிஷின் மேல தப்பில்ல" என்றார் மாப்பிள்ளை. பலத்தை ஒன்றுக்கும் மேலே, ஒன்றரைக்கு ஏற்றினார். முயலின் காது கந்தலாகத் தெறித்தது. "பாருங்க, பென்சிலக்கா டீ குடிக்கிறாங்க."

முதலாளி சிரித்தார். அச்சு மிஷின் ஓட்டுகிற ஆள் சிரித்தான். என் உதடும் கொஞ்சம் அசைந்தது. கடவுள்தான் மன்னிக்க வேண்டும். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த இருபத்தாறையும் மாப்பிள்ளை எடுத்துவிட்டார். பழைய புத்தகங்களிலிருந்து முப்பது படம் வேண்டும் என்றார். அலமாரிச் சாவி என்னிடம். நான் தைத்த தையலை நானே பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் முயல் நடுங்காமல் வந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய அவள் கை. ஓரத்தில் அவள் கையெழுத்து போலவே ஒரு கிறுக்கல், எழுத்து மட்டும் இல்லை. அது இருக்கட்டும், வாங்குகிறவர்கள் அவள் வரைந்தது என்றே நம்புவார்கள் என்றார் முதலாளி. அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

"ஆமாம்மா. அதான் இருக்கே, இனிமே நீ எதுக்கு?" முதலாளி அதை அதட்டாமல், நலம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

காகிதம் தயாராக இருந்தது. படங்கள் எல்லாம் அச்சகத்துக்குச் சொந்தம், அவள் தன் விருப்பத்தில் விலகுகிறாள். வாக்குக் கொடுத்தீர்களே என்று அவள் கேட்டாள். நடுங்குகிற கையால் எதை மேய்ப்பாய் என்று அவர் கேட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். வேலைக்குச் சேர்ந்தபோது போட்டதோடு அதை ஒத்துப் பார்த்து, சேரவில்லை என்றார்.

"ரேகை வச்சிரு. அது ஆடாது."

ஆயிரம் முயலுக்கு மீசை போட்டவள் மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்தாள். விரல் ஆடி முதல் ரேகை இழுபட்டுப்போனது. முதலாளி அவள் மணிக்கட்டைப் பிடித்து, பக்கத்தில் இன்னொன்று வைக்க வைத்தார்.

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து ஆடாமல் விழுந்தது.