இரண்டாவது பட்டன்

அஃபீஃபாவின் அத்தாவுக்குத் திருச்சி பெரிய கடைவீதியில் செருப்புக் கடை. படியேறும் காலைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். வந்தவர் "எனக்கு எட்டாம் நம்பர்" என்றாலும் ஏழாம் நம்பரை எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். செருப்பு காலைக் கடித்தால், "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

மகளுக்கும் அந்தப் பழக்கம் அப்படியே வந்திருந்தது. பி.காம் முடித்து, கல்யாணமாகி, கணவர் குவைத்துக்குப் போன பிறகு, எடமலைப்பட்டி புதூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குரலைப் பதிவு செய்யும் ஒரு செயலியின் உதவி மையம் அது. பேசுகிறவரின் ஊர், வயது, இழுவை, இவற்றை வைத்தே அவர் கையில் என்ன போன் என்று சொல்லிவிடுவாள். பக்கத்து நாற்காலி ஜமீல் ஒரு மசால் வடைக்குப் பந்தயம் கட்டுவான், தோற்பான். அவள் அழைப்புகள் சீக்கிரம் முடிந்ததால் மேலதிகாரிக்கும் மகிழ்ச்சி. என்ன போன் என்று கேட்டு நேரத்தைக் கெடுப்பானேன் என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஒருநாள் முசிறியிலிருந்து பானுமதி என்ற அம்மாள் கூப்பிட்டார். வாழைத்தார் வியாபாரம். செயலி திறந்த உடனேயே மூடிக்கொள்கிறதாம்.

"இது ஐபோனுங்க. அதுல எங்க வீட்டுக்காரர் பேசுனது இருக்கு. தொண்டையில ஆபரேசன். இனிமே அவருக்குப் பேச்சு வராதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். அதான் ஆபரேசனுக்குப் போறதுக்கு முன்னால உக்காந்து பேசிப் பதிஞ்சு வச்சாரு. வேற எங்கயும் இல்லீங்க."

அஃபீஃபாவின் கை பழக்கத்தில் ஓடியது. அவள் திரையில், அந்த எண்ணுக்கு நேரே ஆண்ட்ராய்டு என்றிருந்தது. வாடிக்கையாளர் முதன்முதலில் பெயர் பதிந்தபோது வைத்திருந்த போனைத்தான் அந்தக் கட்டம் காட்டும். பிறகு மாற்றினால் அதற்குத் தெரியாது. அதுவும் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் முசிறி, வாழை மண்டி, அந்தக் குரல். பெரிய திரை உள்ள எதையும் ஐபோன் என்று சொல்கிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! ஆண்ட்ராய்டு என்று மனதுக்குள் முத்திரை குத்தினாள்.

"செட்டிங்ஸ் போங்கம்மா. ஸ்டோரேஜ் பக்கம் போயி, நம்ம செயலியத் தொடுங்க. ரெண்டு பட்டன் வருதா? மொதல்ல இருக்கறதத் தொட்டுடாதீங்க, எல்லாம் அழிஞ்சிரும். ரெண்டாவத அழுத்துங்க."

ஆண்ட்ராய்டில் அது சரி. முதல் பட்டன் சேமித்தது அத்தனையையும் துடைக்கும். இரண்டாவது தற்காலிகக் குப்பையை மட்டும் நீக்கும்.

"ரெண்டாவதா?" என்றார் பானுமதி. "இருங்க. நீங்க ஐபோனுக்குத்தானே சொல்றீங்க?"

"உங்களுது ஆண்ட்ராய்டுன்னு இங்க காட்டுதும்மா."

"அங்க என்னவோ காட்டட்டும். போன் என் கையில இருக்கு. துபாயில இருந்து எங்க அண்ணன் மகன் கொண்டாந்தது. ஐபோனுதான்னு சொல்றேன், நீங்க பாக்காமயே இல்லங்கறீங்க?"

ஐபோனில் அதே இடத்தில் வரும் இரண்டு பட்டன்கள் அஃபீஃபாவின் கண் முன்னால் வந்தன. முதலாவது, செயலியை மட்டும் நீக்கிவிட்டுப் பதிவுகளை அப்படியே வைத்திருக்கும். இரண்டாவது, செயலியையும் பதிவுகளையும் சேர்த்தே அழிக்கும்.

"அம்மா, கைய எடுங்க! எதையும் தொடாதீங்க!"

ஜமீல் திரும்பிப் பார்த்தான். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. ஐபோன்னே வச்சுக்கிட்டுப் போவோம். செட்டிங்ஸ், அதுல ஜெனரல், அதுல ஐபோன் ஸ்டோரேஜ். நம்ம செயலியத் தொடுங்க. மேல ஆஃப்லோடுன்னு இருக்கா? கீழ டெலிட்டுன்னு?"

"ஆமாங்க. நான் அங்கதான் நிக்கிறேன்."

"மேல உள்ளத மட்டும் அழுத்துங்க. மறுபடி கேக்கும், அதுலயும் ஆஃப்லோடுதான். அப்புறம் அதே இடத்துல ரீஇன்ஸ்டால்னு வரும், அதைத் தொடுங்க."

சுற்றும் வட்டம் நிறையும்வரை காத்திருந்தார்கள். அஃபீஃபா இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பயந்ததில்லை. பிறகு போனுக்குள் ஓர் ஆணின் கரகரத்த குரல் கேட்டது: "பானு, கொல்லைப் பக்கம் மோட்டார நிறுத்துனியா? நான் சொல்லலேன்னா நீ மறந்துருவ." பக்கத்தில் யாரோ கையைத் தட்டினார்கள், வாய்ச்சத்தமே இல்லை, வெறும் கைத்தட்டல்.

"அவருதான் தட்டுறாரு," என்றார் பானுமதி. பிறகு கேட்டார்: "ஏம்மா, நீ மொதல்ல சொன்ன ரெண்டாவத அழுத்தியிருந்தா?"

சமாளிக்க எத்தனையோ வார்த்தைகள் அந்த அலுவலகத்தில் உண்டு. அஃபீஃபா எதையும் எடுக்கவில்லை.

"எல்லாம் போயிருக்கும்மா."

"அதுக்குத்தான நான் எடுத்த எடுப்புலயே ஐபோன்னு சொன்னேன்," என்றார் பானுமதி.