பிரவுனுக்குப் பதில் ரோஸ்

பள்ளி பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவளுக்கு முதுகு இரண்டாக மடிந்திருக்கும். வந்ததும் உட்கார முடியாது. கணவருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். தையல்காரரான அவருக்கு நெஞ்சுக்குள் உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் நாலு மில்லிகிராம் மருந்து: நீலம் ஒன்று, பிரவுன் ஒன்று. நீலம் மூன்று மில்லிகிராம், பிரவுன் ஒன்று.

இந்தத் தடவை மருந்துக்கடைப் பையில் நீலத்தோடு ரோஸ் நிற மாத்திரை அட்டை வந்திருந்தது.

"இது என்னோடது மாதிரி இல்லையே?" என்றார் அவர்.

"உங்க பிரஷர் மாத்திரைகூட மாசத்துக்கு ஒரு கலர்ல வருது. கம்பெனி மாறியிருக்கும். எல்லாத்துக்கும் கேள்வி கேட்டா நான் எப்பங்க தூங்குறது?"

அவர் விழுங்கிவிட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். பல் தேய்க்கையில் ஈறில் ரத்தம் வந்தது. புது பிரஷ்ஷைத் திட்டினாள். அப்புறம் கையில் ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு. எதிலும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். அப்போதுதான் அவளுக்கு மாத்திரை மேல் சந்தேகம் வந்தது. அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"என்ன கலர் குடுக்குறீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நீலமும் ரோஸும்."

நர்ஸின் குரலில் அவசரம் ஏறியது.

"அம்மா, ரோஸ் அஞ்சு மில்லிகிராம். தினமும் எட்டு போயிருக்கு. இனி ஒண்ணும் குடுக்காதீங்க. அட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு உடனே அவரைக் கூட்டிட்டு வாங்க. தலையில அடிபடாம பாத்துக்கோங்க, உள்ள ரத்தம் கசிஞ்சா நிக்காது."

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், மூன்றை ஒட்டி இருக்க வேண்டியது, எட்டைத் தாண்டியிருந்தது. மருந்தின் வேகத்தை முறிக்கக் கொஞ்சம் வைட்டமின் கே கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அதிகமாகக் கொடுத்தால் ரத்தம் வால்வில் உறைந்துவிடுமாம். இந்தப் பக்கம் போனாலும் ஆபத்து, அந்தப் பக்கம் போனாலும் ஆபத்து. நல்ல பிழைப்பு!

"மத்த மாத்திரைக்குக் கம்பெனி மாறினா கலர் மாறும். இங்க இந்த மருந்துக்கு எந்தக் கம்பெனின்னாலும் கலர்தான் அளவு. மாறியிருந்தா அட்டையில எழுதியிருக்கிறதைப் படிங்க. எங்களைக் கேட்காம ஒண்ணும் விழுங்கக் கூடாது," என்றாள் நர்ஸ். கடைக்காரர் தவறுதலாக அட்டையை மாற்றி எடுத்திருந்தார். அட்டையில் ஐந்து என்று அச்சடித்துத்தான் இருந்தது. அவள் படிக்கவில்லை. அது அவளை அறுத்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள், "வேற கலர்னு தெரிஞ்சுதே. அப்புறம் ஏங்க முழுங்கினீங்க?"

"நீ ரொம்பக் களைச்சுப் போயிருந்தே. இன்னொரு தடவை கேட்க மனசு வரலை."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சில நாள் கழித்து எண் இறங்கியது. மருந்தை மறுபடி தொடங்கச் சொன்னார்கள். கண் எரிய எரிய விளக்கைப் போட்டு, அட்டையைப் படித்துவிட்டு மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாய்க்குக் கொண்டுபோனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேளுங்க," என்றாள்.

"என்னத்தை?"

"இது என்னோடதுதானான்னு கேளுங்க. நான் எவ்வளவு களைச்சிருந்தாலும் கேளுங்க."

அவர் கேட்டார்.