பதினோராவது மாடியில் ஒரு விளக்கு

அன்புராஜுக்குத் தன் வேலையின் மேல் இருந்த மதிப்பு, எங்கள் ஆபீசில் வேறு ஒருவருக்கும் இருந்ததில்லை. கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில், லாரி டயர்க் கடைக்கு மேலே இருக்கிறது அந்த புரமோட்டர் ஆபீஸ். அதில் அவன் படம் போடுகிறவன். கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். நான், ஹெலன், அங்கே புக்கிங் பார்க்கிறவள். கட்டாத வீட்டை விற்கிறவள். ஆகவே அவனை மட்டம் தட்ட எனக்கு முழுத் தகுதியும் உண்டு.

எளாவூர்க்காரன். அவன் தாத்தா ஊரார் வயலில் கூலிக்கு உழைத்தார், அப்பா ரோலிங் மில்லில் இரும்போடு வெந்தார். இவன் சிவில் டிப்ளமா படித்து, மில் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று இங்கே வந்தான். வந்து ஆறு வருஷம் ஆகியும் டெம்பரவரி. பொன்னேரியில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரம் ஆன பிறகு தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்காக இவன் முதலாளி முன்னால் குழைந்த குழைவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி திருமலை அதுவரை மனை விற்றவர். லே-அவுட் வரைபடத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து நட்டுவைப்பார். மனை வாங்குகிற குடும்பம் ஊர் பார்க்கத் தன் மனைமேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். கைதட்டுவார்கள், பாதாம் பால் தருவார்கள். மனிதர் இப்போது பதினாலு மாடி அடுக்குமாடி கட்டப் போகிறார். போர்வெல்லும் தகரக் கொட்டகையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஸ்டிக்கர் சடங்கை விட மனசில்லை. மனைக்குப் பதிலாகக் கட்டடப் படத்தில் அவரவர் பால்கனிமேல் ஒட்டட்டும் என்றார். இப்படி ஒரு யோசனை எங்கள் முதலாளிக்குத்தான் வரும்.

அதைவிடப் பெரிய கூத்து, படத்தையும் அவரே போட்டுவிட்டார். போனில் ஏதோ ஏஐ. 'அந்தி நேரம், உயரமான அடுக்குமாடி, நிறைய பால்கனி' என்று சொன்னாராம், ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டதாம்.

"பாரு அன்பு. நீ மூணு நாளு உக்காந்து தேய்க்கிறத இது டீ ஆறங்காட்டியும் போட்டுட்ச்சி. அப்புறம் நீ இன்னாத்துக்கு?"

வானம் கத்திரிப்பூ நிறத்தில் ஜொலித்தது. கீழே ஒரு நீச்சல் குளம் வேறு. அழகுக்குக் குறைவில்லை. நான் ஸ்டிக்கர் ஒட்ட வருகிறவர் கண்ணோடு பார்த்தேன். கீழே நான்கைந்து மாடி ஒழுங்காக இருந்தது. அதற்குமேல் ஒரு மாடி நெட்டை, அடுத்தது குட்டை. இடதுபக்கத் தளம் வலதுபக்கம் போய்ச் சேரும்போது அரை மாடி இறங்கியிருந்தது. உச்சியில் பால்கனியே இல்லை, கம்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து கோரைப்பாய் மாதிரி ஆகிவிட்டிருந்தன.

"சார், இதுல மாடியே எண்ண முடியாது சார்" என்றான் அன்புராஜ், அதிசயமாக வாய் திறந்து.

"எவன்டா எண்ணப் போறான்?"

"ஸ்டிக்கர் ஒட்றவங்க எல்லாருமே எண்ணுவாங்க சார்" என்றேன் நான். "விரல வச்சி கீழேர்ந்து எண்ணித்தான ஒட்டணும்?"

முதலாளி என்னை முறைத்தார். பிறகு, தானே கண்டுபிடித்த குறை போல அவனிடம் திரும்பினார். "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. ஞாயித்துக்கெழம ஃபங்சன் நல்லா நடந்தா உன்ன பர்மனன்ட் பண்றேன். இல்லாங்காட்டி இந்த போனே போதும்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பொன்னேரி வரைக்கும் தெரிந்திருக்கும்.

ஏஐ படத்தில் வானத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டடத்தைத் தூக்கி எறிந்தான். நிஜ பிளானை வைத்து ஒரே ஒரு மாடியை முழுசாகச் செய்தான்: தளம், கதவு, கைப்பிடிக் கம்பி, உள்ளே மஞ்சள் விளக்கு. ஒரு பால்கனியில் காபி டம்ளரோடு ஒரு ஆளை நிறுத்தி, அதையே எல்லா பால்கனிக்கும் நகல் எடுத்தான். பிறகு அந்த மாடியை ஒரே இடைவெளியில் மேலே மேலே அடுக்கினான். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் மேல் மாடிகள் சிறுத்துப்போகும் என்று, பார்வையைக் கட்டடத்தின் நடு உயரத்துக்குக் கொண்டுபோனான். எல்லா மாடியும் ஒரே உயரம். அளவுகோல் வைத்தாலும் பிசகாது.

"எப்டிக்கா இருக்குது?"

"கொசுவலை மாதிரி இருக்குது" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். எல்லாக் கதவும் ஒரே அளவு திறந்து, எல்லா விளக்கும் ஒரே மாதிரி எரிந்தால் மனுஷன் குடியிருக்கிற இடம் போலவா இருக்கும்? அங்கங்கே விளக்கை அணை, திரை போடு, யாராவது துணி காயப்போடட்டும் என்றேன். டைம் இல்லக்கா என்று பிரின்ட்டுக்கு அனுப்பிவிட்டான். மாடி சமமாக இருந்தால் முதலாளிக்குப் போதும், முதலாளிக்குப் போதுமென்றால் இவனுக்கும் போதும். கம்ப்யூட்டர் திரையில் அந்தக் காபி ஆள் ஒரு எறும்பளவுகூட இல்லை. இரண்டு மாடி உயர ஃபிளெக்ஸில் அவன் எவ்வளவு பெரிதாவான் என்று இந்த மேதை யோசிக்கவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் சைட்டில் பந்தல், மைக், பாதாம் பால். ஃபிளெக்ஸ் கடை ஸ்டீவன் சாரம் கட்டி ஃபிளெக்ஸை ஏற்றியிருந்தான். முதலாளி ரிமோட்டை அழுத்த, திரை விலகியது. கூட்டம் கைதட்டியது. அப்புறம் தட்டல் குறைந்து சிரிப்பு கிளம்பியது.

எல்லா பால்கனியிலும் ஒரே ஆள். அதே சிவப்புச் சட்டை, அதே காபி, அதே இளிப்பு.

முதல் புக்கிங், பழவேற்காட்டிலிருந்து வந்த கனகாம்பாள் அம்மாவுடையது. மீன்பிடிக் குடும்பம். மகனும் மருமகளும் இங்கே கம்பெனியில் வேலை. தினம் வந்துபோக முடியவில்லை என்று வீடு பார்க்கிறார்கள். அந்த அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பதினோராவது மாடி, கிழக்குப் பக்கம். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழவேற்காட்டு ஏரி தெரியும் என்று அன்புராஜ் சொல்லியிருந்தான். அட்வான்ஸை மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். கீழேயிருந்து விரலை நீட்டிப் பதினொன்று எண்ணினாள்.

"நைனா, என் ஊட்டு பால்கனில நிக்கறானே, யாரு அவன்?"

"அது சும்மா, படம்மா" என்றார் முதலாளி.

"சும்மான்னா? மருமவ இருக்கற ஊடு. எவனோ நின்னுகினு காபி குடிக்கறான், அவன் தலமேல நான் ஸ்டிக்கர் ஒட்டணுமா? அவன எறக்கு. அப்புறம் ஒட்றேன்."

"எங்க ஊட்லயும் அவன்தாம்பா!" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி வியர்த்துப்போய் அன்புராஜைத் தேடினார். அந்தப் பார்வையில் பர்மனன்டும் இல்லை, பொன்னேரியும் இல்லை.

அப்போதுதான் அவன் உருப்படியாக ஒரு காரியம் செய்தான். ஸ்டீவனின் வேனில் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டுகிற கறுப்பு ஸ்டிக்கர் ஷீட் கிடந்தது. இரண்டு பேருமாக அதைக் கதவளவுக்கு வெட்டி, சாரத்தில் ஏறி, ஒவ்வொரு கதவையும் அதன் முன்னால் நின்ற ஆளையும் சேர்த்து மூடினார்கள். தளமும் கைப்பிடிக் கம்பியும் அப்படியே தெரிந்தன. கட்டடம் இருட்டாயிற்று. பிறகு அவன் பதினோராவது மாடிக்கு நேராக நின்று, கீழே பார்த்து, "இதுவாம்மா?" என்றான். "அதான்" என்றாள். அவள் பெயருக்கு உரிய வட்ட ஸ்டிக்கரை ஒட்டினான். எங்கள் ஸ்டிக்கர் மஞ்சள் நிறம்.

அந்த நேரம் சூரியனும் இறங்கியிருந்தது. இருண்ட கட்டடத்தில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு போட்டதுபோல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்தடுத்த புக்கிங்குக்கு அவன் ஒட்ட ஒட்ட மூன்றாவது மாடி எரிந்தது, ஏழாவது எரிந்தது, இரண்டாவதில் அக்கம்பக்கமாக ரெண்டு எரிந்தது. கொசுவலை போய் வீடு வந்துவிட்டது. அந்தப் பயலைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கனகாம்பாள் மருமகளுக்குப் போன் போட்டு, "ஊட்ல லைட்டு எரியுதுடி" என்றாள். கையெழுத்து போடுவதற்கு முன் கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போனாள்.

முதலாளி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். அவருக்கு வீடு தெரியவில்லை. எரியாத கதவுகள்தான் தெரிந்தன.

"இன்னாடா இது, எழவு ஊடு மாதிரி? விக்காததெல்லாம் பல்ல இளிச்சினு தெரியுது. எல்லாத்துலயும் மஞ்சள ஒட்டு."

"சார், புக் பண்ணவங்களுக்குத்தான..."

"பர்மனன்ட் வேணுமா வேணாமா?"

அன்புராஜ் என்னைப் பார்த்தான். நான் புக்கிங் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அந்த ஆள் தருகிற சம்பளத்தில்தான் என் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அவன் ஸ்டிக்கர் ரோலை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினான். ஒவ்வொன்றாக ஒட்டினான். ஒரு வரிசை, அடுத்த வரிசை. இடைவெளி ஒன்றுகூடப் பிசகவில்லை. மறுபடியும் கொசுவலை, இந்த முறை மஞ்சளில்.

கனகாம்பாள் நெற்றியில் திருநீறோடு திரும்பி வந்தாள். அண்ணாந்தாள். விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள், நடுவில் கணக்குத் தப்பி மறுபடி எண்ணினாள்.

"இத்தினி பேரா வாங்கிட்டாங்க? இப்பத்தான போனேன்?"

முதலாளி அவளுக்குப் பாதாம் பால் கொண்டுவரச் சொன்னார். அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. கடலில் பிழைத்தவளுக்கு எது விளக்கு, எது வேஷம் என்று சொல்லித்தர வேண்டுமா என்ன?

"நைனா, என்னுத எடுத்துக் குடுத்துடு."

அன்புராஜ் பதினோராவது மாடியிலிருந்து அதை உரித்துக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். மடி முடிச்சு அவிழாமலே அவள் பஸ் ஏறிப் போனாள்.

மற்றவர்கள் புக் செய்தார்கள். ஃபங்சன் அமோக வெற்றி. அன்புராஜ் பர்மனன்ட் ஆனான், கழுத்தில் அட்டை தொங்குகிறது, தை மாதம் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தபோதும், "மஞ்சள் பத்திரிகையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.

ஃபிளெக்ஸை இப்போது பைபாஸில் நிறுத்தியிருக்கிறார்கள். பதினோராவது மாடியில், கிழக்குப் பக்கம், ஒரு கதவு மட்டும் கறுப்பு. முதலாளி காரில் போகும்போதெல்லாம் அது அவர் கண்ணைக் குத்துகிறது.

"அந்த ஒண்ணையும் ஒட்டித் தொலையேண்டா" என்றார் போன வாரம்.

"ஸ்டிக்கர் தீந்துட்ச்சி சார்" என்றான் அன்புராஜ்.

அவன் மேஜை டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே பாதி ரோல் மஞ்சள். நான் எழுந்து போய் டிராயரைத் தள்ளி மூடினேன்.